பஸ் பயணிகள் கணக்கு: d[b+1] பிழையா?

> “யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு 5 தரிப்பு. a இல் ஏறி b இல் இறங்கும் k பேருக்கு, வித்தியாச அணி d இல் d[a]+=k, d[b+1]-=k போட்டேன். நடுவில் ஆட்கள் கூடுதலாக வருகிறது.”

b+1 ஐ b ஆக மாற்றுங்கள்:

```cpp
d[a] += k;
d[b] -= k;
```

b+1 என்பது b யும் சேர்ந்த வீச்சுக்கு உரியது. நீர்வேலியில் இறங்கியவர் அதற்கு அடுத்த துண்டில் பஸ்ஸில் இல்லை. பாடத்தில் படித்த வடிவத்தை அப்படியே போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணம் 1, கோப்பாய் 2, நீர்வேலி 3, நெல்லியடி 4, பருத்தித்துறை 5. மூன்று பேர் 1 இல் ஏறி 3 இல் இறங்குகிறார்கள். இரண்டு பேர் 3 இல் ஏறி 5 இல் இறங்குகிறார்கள். d = 3, 0, -1, 0, -2. இடமிருந்து கூட்டிக்கொண்டு போனால் 3, 3, 2, 2, 0. உங்கள் முறையில் 3, 3, 5, 2, 2 வரும். நீர்வேலியில் இறங்கியவர்களும் ஏறியவர்களும் ஒன்றாக எண்ணப்பட்டதால்தான் அந்த 5.

சோதிக்க, கடைசித் தரிப்பின் கூட்டுத்தொகையை அச்சிடுங்கள். எல்லாரும் இறங்கிவிட்டால் அது 0 ஆக வேண்டும்.

அப்புறம் ஒன்று: எல்லா மாற்றங்களும் முடிந்தபின் ஒரே தடவை கூட்டினால்தான் இது வேகம். மாற்றமும் கேள்வியும் மாறி மாறி வந்தால் ஃபென்விக் மரம் தேவை.