‘ரிசர்வ்டு’ பலகையை முதலில் எடுங்கள்

கேள்வி: சனி, ஞாயிறு இரவில் எங்கள் உணவகத்தின் வாசலில் கூட்டம் நிற்கிறது, உள்ளே புக்கிங் டேபிள் காலியாகக் கிடக்கிறது. புக் பண்ணியவர்களில் நிறையப் பேர் வருவதே இல்லை. புக்கிங்கையே நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். புக்கிங்கை டேபிளுக்குக் கொடுக்காமல் நேரத்துக்குக் கொடுங்கள். கோயம்புத்தூரில் ஓர் உணவகத்தில் ஆறு வருடம் ஃப்ளோர் பார்த்தேன். இந்த ஒரு விஷயம் புரிய எனக்கு முதல் வருடம் முழுக்க ஆனது.

ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எட்டு மணிக்கு மூன்று புக்கிங். ஏழு மணிக்கே மூன்று டேபிளிலும் பலகை வைத்துவிட்டோம். ஏழேகாலுக்கு ஒரு பெரியவர் குடும்பத்தோடு வந்தார். கண்ணாடி வழியாக அந்த டேபிள்களையே பார்த்துக்கொண்டு நின்றவர், "ஏனுங்க தம்பி, அங்க உக்கார்றவங்க எப்பங்க வருவாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எட்டரை வரை பார்த்தோம். மூன்றில் ஒரு குடும்பம்தான் வந்தது. பெரியவர் அதற்கு வெகு முன்னாலேயே பேரனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். புக் பண்ணியவர்கள் வராததால் அவரை இழக்கவில்லை. அவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே டேபிளைப் பூட்டி வைத்ததால்தான் இழந்தோம்.

சரி, நேரத்துக்குக் கொடுப்பது எப்படி? முதலில், ஒரு டேபிள் நிறைந்து, காலியாகி, அடுத்தவருக்குத் தயாராக எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிய வேண்டும். அது உங்கள் கணினியிலேயே இருக்கிறது. கிச்சனுக்குப் போகிற ஆர்டர் சீட்டான கேஓடியை முதலில் அடித்த நேரத்துக்கும் பில் செட்டில் ஆன நேரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். உட்கார்ந்து ஆர்டர் சொல்ல ஒரு பத்து நிமிடம், எழுந்து போன பிறகு துடைத்து அடுக்க ஐந்து நிமிடம் அதோடு சேருங்கள். இரண்டு சனிக்கிழமைக் கணக்கு போதும். இரண்டு பேர், நான்கு பேர், ஆறு பேர் டேபிள்களைத் தனித்தனியாக எடுங்கள், மூன்றும் ஒன்றாக இருக்காது.

எங்களிடம் நான்கு பேர் டேபிள் எட்டு இருந்தது. துடைப்பதோடு சேர்த்து ஒரு சுற்றுக்குச் சராசரியாக 80 நிமிடம். அப்படியென்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு டேபிள் காலியாகும், அரை மணிக்கு மூன்று. அந்த மூன்றில் இரண்டுக்கு மேல் புக்கிங் எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். மூன்றாவது, நேரே வருபவர்களுக்கு. எட்டு மணிக்கு இடம் கேட்டு மூன்றாவது ஆள் போன் பண்ணினால், "எட்டு மணிக்கு முடிஞ்சிருச்சுங்க, ஏழரைக்கு வந்தா உடனே உக்காரலாம், இல்லீனா எட்டரைங்க" என்போம். பாதிப் பேர் ஏழரைக்கு ஒத்துக்கொள்வார்கள். எந்த டேபிள் என்று யாருக்கும் சொல்ல மாட்டோம். நேரம் நெருங்கி, கடைசிப் பதினைந்து நிமிடத்தில் எது காலியாகிறதோ அதை மட்டும் பிடித்து வைப்போம்.

ஆனால் இந்தப் பத்து நிமிடக் கணக்கு, ஆட்கள் பரவலாக வந்து உட்கார்ந்தால்தான் சரிவரும். எட்டு டேபிளும் ஏழரைக்கு ஒரே நேரத்தில் நிறைந்தால், எட்டு ஐம்பது வரை ஒன்றுகூடக் காலியாகாது, அப்புறம் எட்டும் ஒன்றாக எழுந்திருக்கும். நடுவில் கிச்சன் மாட்டிக்கொள்ளும். எட்டு கேஓடி ஒன்றாகப் போனால் தந்தூர் அடுப்பில் நிற்கிற ஒரே ஆள் என்ன செய்வார்? ஸ்டார்ட்டரே 25 நிமிடம் ஆகும், 80 நிமிடம் 100 ஆகிவிடும், வாசலில் சொன்ன நேரமெல்லாம் பொய்யாகும். அதனால் காலியாக இருந்தாலும் ஒரே நேரத்தில் மூன்று டேபிளுக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். நான்காவது குடும்பத்துக்கு வரவேற்பிலேயே தண்ணீரும் மெனுவும் கொடுத்து ஐந்து நிமிடம் கழித்து அழைத்துப் போங்கள். உள்ளே அரை மணி பசியோடு உட்கார்வதற்கு அது எவ்வளவோ மேல்.

இனி வாசலில் நிற்பவர்கள். "பத்து நிமிஷம் சார்" என்று எல்லோரிடமும் சொல்வதை அன்றே நிறுத்துங்கள். மணி எட்டே பத்து, நான்கு பேர் குடும்பம் ஒன்று வருகிறது, முன்னால் மூன்று குடும்பம் காத்திருக்கிறது, எட்டரைக்கு ஒரு புக்கிங் பாக்கி என்று வையுங்கள். காலியாகப் போகிற ஐந்தாவது டேபிள்தான் இவர்களுக்கு, அதாவது ஐம்பது நிமிடம். அதைச் சொல்வதற்கு முன் உள்ளே ஒரு சுற்று நடந்து பாருங்கள். எத்தனை டேபிளில் பில் கேட்டாயிற்று, எங்கே ஃபிங்கர் பௌல் வந்துவிட்டது, யார் இன்னும் சூப்பில் இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தால் ஐந்து பத்து நிமிடம் கூட்டியோ குறைத்தோ சொல்லலாம். நேரத்தைச் சொல்லி, செல் நம்பர் வாங்கிக்கொண்டு, டேபிள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் கூப்பிடுகிறோம் என்று சொல்லுங்கள். சிலர் போய்விடுவார்கள், போகட்டும். ஐம்பது என்று கேட்டுப் போனவர் அடுத்த வாரம் புக் பண்ணிக்கொண்டு வருவார். பத்து என்று கேட்டு ஐம்பது நின்றவர் வர மாட்டார்.

வராமல் போகிறவர்கள் விஷயத்தில் இரண்டே வேலை. மாலை நான்கு மணிக்கு எல்லாப் புக்கிங்குக்கும் போன் பண்ணுங்கள். வாட்ஸ்அப் செய்தி மட்டும் போதாது, வாயால் ஒரு பதில் வாங்க வேண்டும். சிகாகோவில் உணவகம் நடத்திய கோர்டன் சிங்க்ளேர் இதில் செய்த மாற்றம் இந்தத் தொழிலில் பிரபலம். ‘திட்டம் மாறினால் கூப்பிடுங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்த பணியாளரை, ‘திட்டம் மாறினால் கூப்பிடுவீர்களா?’ என்று கேட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருக்கச் சொன்னார். வராதவர்கள் 30 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தார்கள். நாங்களும் "வர முடியலீன்னா ஒரு போன் பண்ணிருவீங்களாங்க?" என்று கேட்டுவிட்டு நிறுத்துவோம். "சரிங்க, பண்ணிடறேன்" என்று சொன்னவர்களில் பெரும்பாலோர் நிஜமாகவே கூப்பிட்டார்கள்.

அடுத்தது, பதினைந்து நிமிடம் கெடு. பத்தாவது நிமிடம் ஒரு போன். ‘பக்கத்தில் வந்துவிட்டோம்’ என்றால் காத்திருங்கள், எடுக்கவில்லை என்றால் பதினைந்தாவது நிமிடம் டேபிளை வாசலில் முதலில் நிற்பவருக்குக் கொடுத்துவிடுங்கள். தாமதமாக வந்தால் பட்டியலில் முதல் இடம் உண்டு என்று புக்கிங் எடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், அப்போதுதான் சண்டை வராது. வராத ஆளால் அன்று நஷ்டம், முன்னால் பிடித்து வைத்ததையும் சேர்த்து, மிஞ்சிப்போனால் அரை மணிதான். அதனால் ஓவர் புக்கிங்குக்கு அவசியமே இல்லை, அதைச் செய்யவும் செய்யாதீர்கள். போன் பண்ணி உறுதி செய்துவிட்டு வந்தவரை வாசலில் நிறுத்துவது எனக்கு மனசுக்கு ஒப்பாத காரியம்.

முன்பணம் எல்லோரிடமும் கேட்காதீர்கள், நம் ஊர்க் குடும்பங்கள் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். எட்டுப் பேருக்கு மேல் என்றால் மட்டும் தலைக்கு 200 ரூபாய் யுபிஐயில் வாங்கி பில்லில் கழித்துக்கொண்டோம். அந்த அளவு குழு வராவிட்டால் சேர்த்துப் போட்ட இரண்டு மூன்று டேபிளும் ஒன்றாகப் போய்விடும். அதற்கு மட்டும் வாசல் கூட்டம் உடனே ஈடுகட்டாது.