250-இல் உங்கள் 100-ம் அடக்கம்

“ஒரு பந்தயத்தில் ஆட்ஸ் 2.50, ஜெயிக்க 38% வாய்ப்பு. 100 கட்டினால் சராசரியாக 33 லாபம் என்று வருகிறதே, சரியா?”

இல்லைங்க. தசம ஆட்ஸில் ஜெயித்தால் கைக்கு வருவது 100 × 2.50 = 250; அதில் நீங்கள் கட்டிய 100-ம் அடக்கம். ஜெயித்தால் லாபம் 150 மட்டுமே. நீங்கள் 250-ஐயே லாபமாக எடுத்திருக்கிறீர்கள், அதனால்தான் 33.

0.38 × 150 = 57. தோற்க 62% வாய்ப்பு, அதில் போவது 100: 0.62 × 100 = 62. கழித்தால் −5. அதாவது இதே பந்தயத்தைத் திரும்பத் திரும்பக் கட்டினால், ஒரு தடவைக்குச் சராசரியாக 5 நஷ்டம்.

சரிபார்க்க 1 ÷ 2.50 = 40% போதும். உங்கள் கணிப்பு அதைத் தாண்டினால்தான் லாபம். ஆனால் அந்த 38%-ஐ எப்படிக் கணித்தீர்கள்? அதுவே 42% என்றால் விடை +5 ஆகிவிடும். முதலில் அதைச் சோதியுங்கள்.