திருவொற்றியூரைப் பிரித்துப் பார்த்தால் புணர்ச்சி புரியும்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கிறேன். புணர்ச்சி என்றால் என்ன? சேர்த்து எழுதும்போது சில சொற்களில் புது எழுத்து வருகிறது, சில சொற்களில் இருந்த எழுத்தே போய்விடுகிறது. எது எப்போது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

இரண்டு சொற்கள் சேரும்போது முதற்சொல்லின் கடைசி ஒலியும் அடுத்த சொல்லின் முதல் ஒலியும் சந்திக்கின்றன. அந்தச் சேர்க்கைதான் புணர்ச்சி. முதலில் நிற்கும் சொல் நிலைமொழி, வந்து சேரும் சொல் வருமொழி. சந்திக்கும் இடத்தில் எதுவும் மாறாவிட்டால் இயல்பு புணர்ச்சி: வாழை + மரம் = வாழைமரம். மாறினால் விகாரப் புணர்ச்சி. அதில் ஓர் எழுத்து தோன்றலாம், வேறாகத் திரியலாம் (பொன் + குடம் = பொற்குடம்), கெட்டும் போகலாம் (மரம் + வேர் = மரவேர்).

உன்னைக் குழப்புவது பெரும்பாலும் உயிரும் உயிரும் சந்திக்கும் இடமாக இருக்கும். அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

நம் வடசென்னையில் இருக்கும் திருவொற்றியூரை எடுத்துக்கொள். திரு + ஒற்றி + ஊர். ‘திரு’ என்பதன் கடைசி எழுத்து ரு. அதாவது ர் + உ. எனவே முடிவில் நிற்பது உ என்னும் உயிர். ‘ஒற்றி’ தொடங்குவதும் உயிரில். நடுவில் நிறுத்தாமல் ‘திரு ஒற்றி’ என்று வேகமாகச் சொல்லிப் பார், வாய் தானாகவே ஒரு வ் போட்டுக்கொள்ளும். ‘ஒற்றி’ இகரத்தில் முடிகிறது, ‘ஊர்’ உகர நெடிலில் தொடங்குகிறது; அங்கே ய் வருகிறது. இரண்டு உயிர்களையும் உடம்படுத்தும், அதாவது இணங்கிச் சேர வைக்கும் இந்த மெய்களுக்கு உடம்படுமெய் என்று பெயர். நன்னூல் சொல்லும் விதி எளிது: இ, ஈ, ஐ ஆகியவற்றின் பின் ய், மற்ற உயிர்களின் பின் வ், ஏ-வின் பின் இரண்டும் வரும். சே + அடி என்பது சேயடி என்றும் சேவடி என்றும் ஆவது அதனால்தான்.

என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளில் பலர் இதை திரு + வொற்றி + யூர் என்று பிரிப்பார்கள். ‘வொற்றி’, ‘யூர்’ என்று தமிழில் தனிச்சொல் ஏதாவது உண்டா? இல்லை. பிரித்த ஒவ்வொரு துண்டும் தனியாக நின்று பொருள் தர வேண்டும். தேவாரத்தில் இந்த ஊர் ‘திரு’ இல்லாமல் வெறும் ஒற்றியூர் என்றே வருகிறது. வ் இடையில் வந்து சேர்ந்த எழுத்து என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இனி, எழுத்து காணாமல் போகும் கதை. காற்று + ஆடி என்பதும் உகரமும் உயிரும் சந்திப்பதுதான். ஆனால் ‘காற்றுவாடி’ என்று யாரும் சொல்வதில்லை. ‘காற்று’ என்பதன் கடைசி உகரம் தன் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைந்து ஒலிக்கும் குற்றியலுகரம். உயிர் வந்தால் அது தான் ஏறியிருந்த மெய்யை விட்டுவிட்டு ஓடிவிடும். மிஞ்சிய ற் மேல் ஆ ஏறி றா ஆகிறது: காற்றாடி. வீடு + இல்லை = வீடில்லை என்பதும் இதே வழிதான்.

அப்படியானால் உகரம் ஓடுமா நிற்குமா என்று கண்டுபிடிக்க இரண்டு கேள்வி போதும். சொல் கு, சு, டு, து, பு, று என்பவற்றில் ஒன்றில் முடிகிறதா? முடிந்தால், அதற்கு முன்னால் இருப்பது ஒரே ஒரு குறில் மட்டும்தானா? முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்றால் அது குற்றியலுகரம், ஓடிவிடும். ‘திரு’ முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. ‘பசு’தான் பொறி. சு-வில் முடிகிறது, ஆனால் முன்னால் இருப்பது ப என்ற தனிக்குறில். எனவே உகரம் முழுதாக ஒலிக்கும் முற்றியலுகரம்; பசு + அல்ல = பசுவல்ல.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. ‘கதவு’ வு-வில் முடிவதால் அதன் உகரம் முற்றியலுகரம். இருந்தும் கதவு + அழகு = கதவழகு என்றே ஆகும். முற்றியலுகரமும் சில இடங்களில் இப்படி ஓடும் என்பதை நன்னூலே சொல்லிவிடுகிறது. தேர்வில் கதவு, உறவு போல வு-வில் முடியும் சொல் வந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்.