இணையதளம் கட்டும் முன் உரிமையாளரிடம் உள்ளடக்கம் வாங்குவது

"கேட்டரிங் நடத்துபவருக்கு இணையதளம் செய்கிறேன். எழுத்து, படம், வாடிக்கையாளர் கருத்து எதையும் அவர் அனுப்புவதில்லை. எப்படி வாங்குவது, எவ்வளவு நாள் ஒதுக்குவது?"

மூன்று வாரம் ஒதுக்குங்கள். அவரை எழுதித் தரச் சொல்லாமல், முகூர்த்தமில்லாத நாளில் அரை மணி நேரம் பேசி, அனுமதியுடன் பதிவு செய்து, நீங்களே எழுதித் திருத்தம் மட்டும் கேளுங்கள். கருத்துகளே மிகத் தாமதமாக வரும் என்பதால், அண்மையில் விருந்து முடித்த ஐந்தாறு குடும்பங்களுக்கு முதல் வாரமே அவர் எண்ணிலிருந்து செய்தி போகட்டும். பெயரை வெளியிடும் சம்மதத்தையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டாம் வாரம், முதல் பந்தி அமரும் முன், பரிமாறிய இலையை நீங்களே படமெடுங்கள். பழைய படங்களை வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். வழக்கம்போல் அனுப்பினால் அவை சுருங்கி, முகப்பில் பெரிதாக வைக்கும்போது மங்கித் தெரியும். மூன்றாம் வாரம் திருத்தத்துக்கு மட்டுமே. விலைப்பட்டியலை அவர் உறுதிசெய்யும்வரை வடிவமைப்பைத் தொடங்காதீர்கள்.