மாற்று இதயமும் மாடிப்படியும்

கேள்வி: எங்கள் அப்பச்சிக்குச் சென்னையில் மாற்று இதயம் பொருத்தி ஏழு மாதம் ஆகிறது. கொடுத்தவர் முப்பதுகளில் இருந்தவர் என்று மட்டும் சொன்னார்கள். அப்பச்சி படுத்துக்கிடந்தாலும் நாடி 96. மாடிப்படி ஏறினால் உடனே கூடுவதில்லை. மேலே போய் உட்கார்ந்த பிறகு 114 வரை போய், இறங்க வெகுநேரம் ஆகிறது. எனக்கோ ஏறும்போதே கூடி, உட்கார்ந்ததும் குறைந்துவிடுகிறது. பொருத்திய இதயத்தில் கோளாறா? துடிப்பைக் குறைக்க மாத்திரை கேட்கலாமா? தைப்பூசத்துக்குக் குன்றக்குடி மலை ஏற வேண்டும் என்கிறார். விடலாமா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் எண்களில் கோளாறு எதுவும் தெரியவில்லை. நரம்பு அறுபட்ட இதயம் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படித்தான் அப்பச்சியின் இதயம் நடந்துகொள்கிறது.

வலது மேலறையில், மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தருகே சைனோ ஏட்ரியல் கணு இருக்கிறது. துடிப்பு பிறக்கும் இடம் அதுதான். மற்றத் தசைச் செல்கள் தூண்டுதல் வரும்வரை சும்மா இருக்கும். கணுவின் செல்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு துடிப்பு முடிந்ததும் செல்லுக்குள் மின்னழுத்தம் ஏறக்குறைய -60 மில்லிவோல்ட்டுக்கு இறங்கும். அப்படி இறங்கியதே சில வாயில்களைத் திறந்துவிடுகிறது. அவற்றின் வழியே சோடியம் அயனிகள் மெல்லக் கசிந்து உள்ளே வர, அழுத்தம் தானாக ஏறத் தொடங்குகிறது. சாதாரணமாகச் செல்லின் அழுத்தம் ஏறும்போது திறக்கும் வாயில்களைத்தான் உடலியலாளர்கள் பார்த்திருந்தார்கள். இறங்கும்போது திறக்கும் இந்த ஓட்டத்துக்கு அதனால்தான் 'வேடிக்கையான மின்னோட்டம்' என்றே பெயர் வைத்தார்கள். ஏற்றத்தின் கடைசிப் பகுதியில் கால்சியமும் சேர்ந்துகொள்கிறது. -40 மில்லிவோல்ட்டைத் தொட்டதும் கால்சியம் வாயில்கள் பெருமளவில் திறந்து, அடுத்த துடிப்பு பிறக்கிறது. பிறகு பொட்டாசியம் வெளியேற, அழுத்தம் மறுபடி -60-க்கு இறங்கும். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே தானாக ஏறும் இந்தச் சரிவுதான் பேஸ்மேக்கர் மின்னழுத்தம்.

துடிப்பின் வேகம் முழுவதும் இந்தச் சரிவில் அடங்கியிருக்கிறது. தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். துடிப்பின் மின்மாற்றத்துக்கு 200 மில்லிவினாடி, பிறகு 20 மில்லிவோல்ட் ஏறுவதற்கு 400 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 600 மில்லிவினாடி, அதாவது நிமிடத்துக்கு 100 துடிப்பு. எந்த நரம்பும் தலையிடாதபோது கணுவின் சொந்த வேகம் இதையொட்டித்தான் இருக்கும். வயது ஏற ஏற அது குறையும். 118.1-லிருந்து வயதை 0.57-ஆல் பெருக்கிக் கழித்தால் சராசரி கிடைக்கும் என்பது மருத்துவர்கள் பயன்படுத்தும் சூத்திரம். 35 வயது இதயத்துக்கு அது 98. அப்பச்சியின் 96 எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதல்லவா? கணக்கில் சேர்வது கொடுத்தவரின் வயது, அப்பச்சியின் வயது அன்று.

அப்படியானால் உங்களுக்கு மட்டும் ஓய்வில் 70 ஏன்? வேகஸ் நரம்பு ஓயாமல் பிடித்து நிறுத்திக்கொண்டிருப்பதால். அதன் நுனியில் சுரக்கும் அசிட்டைல்கோலின், கணுவில் பொட்டாசியம் வாயில்களைத் திறக்கிறது. அழுத்தம் -65 வரை கீழே போகிறது. சோடியக் கசிவும் மந்தமாகிறது. இப்போது 25 மில்லிவோல்ட் ஏற வேண்டும், அதையும் மெதுவாக ஏற வேண்டும். 650 மில்லிவினாடி பிடித்தால் சுற்று 850 ஆகி, துடிப்பு 70-க்கு இறங்கிவிடும். பரிவு நரம்பு இதற்கு எதிர். அதன் நார்அட்ரினலின் சோடியக் கசிவையும் கால்சியம் வரவையும் கூட்டிச் சரிவைச் செங்குத்தாக்குகிறது. அதே 20 மில்லிவோல்ட்டை 200 மில்லிவினாடியில் ஏறினால் நிமிடத்துக்கு 150.

இரண்டு நரம்புகளுக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. அசிட்டைல்கோலின் செல்லின் சவ்விலேயே வேலையை முடித்துக்கொள்ளும். நொதி ஒன்று அதை உடனுக்குடன் சிதைத்தும் விடும். அதனால் வேகஸ் பிடித்தாலும் விட்டாலும் அடுத்த ஓரிரு துடிப்பிலேயே தெரியும். பரிவு நரம்பின் செய்தியோ செல்லுக்குள் பல கைமாறிப் போக வேண்டும். சில வினாடிகள் பிடிக்கும். நீங்கள் முதல் படியில் கால் வைத்ததும் துடிப்பு கூடுவது பெரும்பாலும் வேகஸ் பிடியைத் தளர்த்துவதால்தான். உட்கார்ந்ததும் சட்டென்று குறைவதும் அதே வேகஸ் மறுபடி பிடிப்பதால்.

இதயத்தை எடுத்துப் பொருத்தும்போது இரத்தக் குழாய்களைத் தைக்கலாம், இந்த நரம்புகளைத் தைக்க முடியாது. ஆகவே அப்பச்சிக்குப் பிடிக்கவும் ஆளில்லை, விரட்டவும் ஆளில்லை. மிஞ்சியிருப்பது இரத்தத்தில் வரும் அட்ரினலின். நரம்பு தொடாத இதயமும் திரவத்தில் வரும் செய்திக்குக் கீழ்ப்படியும் என்பதை 1921-இல் ஆட்டோ லோவி தவளை இதயங்களில் காட்டினார். ஒன்றின் வேகஸைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை இன்னொன்றுக்குக் கொடுத்தபோது, அந்த இரண்டாவதும் வேகம் குறைந்தது. அட்ரீனல் சுரப்பி விழித்து, அட்ரினலின் இரத்தத்தில் கலந்து கணுவை அடையச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் அப்பச்சி மாடியை அடைந்திருப்பார்! வந்தது சீக்கிரம் போகாது என்பதால் உட்கார்ந்த பிறகும் 114.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். நீங்கள் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து விடுங்கள். இழுக்கும்போது சற்று வேகமாகவும் விடும்போது மெதுவாகவும் அடிக்கும். அது வேகஸின் வேலை. அப்பச்சியின் நாடி ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், 96-ஐக் குறைப்பதற்காக நீங்களாக எதுவும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். துடிப்பைக் குறைக்கக் கொடுக்கப்படும் பீட்டா பிளாக்கர்கள் அட்ரினலினைத்தான் தடுக்கும். அவருக்கு இருக்கும் ஒரே துணை அதுதான். அதுவும் போனால் பத்துப் படி ஏறுவதற்குள் களைத்துவிடுவார்.

குன்றக்குடிக்கு அறுவைச் சிகிச்சைக் குழு ஒப்புக்கொண்டால் போகலாம். ஆனால் தைப்பூச நாளில் வேண்டாம். புதிய இதயத்தை உடல் நிராகரிக்காமலிருக்க அவர் சாப்பிடும் மருந்துகள் நோய் எதிர்ப்பைக் குறைப்பவை. அந்தக் கூட்டத்தில் என்ன தொற்றும் என்று யாருக்குத் தெரியும்? கூட்டமில்லாத ஒரு காலையில் முகக்கவசத்துடன் அழைத்துப் போங்கள். அடிவாரத்தில் பத்து நிமிடம் சமதளத்தில் நடக்கட்டும். அட்ரினலின் வந்து சேர்வதற்கான அவகாசம் அது. பிறகு நின்று நின்று ஏறட்டும். எவ்வளவு உழைக்கிறார் என்பதை நாடியைக் கொண்டு அளக்காதீர்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்று பாருங்கள், முடியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். இறங்கியதும் உடனே காரில் ஏற்றாமல் இன்னும் சற்று நடக்க வையுங்கள்.

காலப்போக்கில் பரிவு நரம்புகள் சிலருக்கு ஓரளவு மறுபடி முளைக்கும். பொதுவாக ஓராண்டுக்குப் பிறகுதான், அதுவும் எல்லோருக்கும் இல்லை. அதுவரை ஓய்வு நாடி திடீரென 60-க்கு இறங்கினாலோ, தாளம் தப்பினாலோ, படுத்திருக்கும்போதே 130-ஐத் தாண்டி நின்றாலோ அன்றே மருத்துவக் குழுவை அழையுங்கள். காரணமில்லாத களைப்பு, காய்ச்சல், கால்வீக்கம், மூச்சிரைப்பு ஆகியவற்றுக்கும் அப்படியே. வலியைச் சுமந்து செல்லும் நரம்புகளும் அறுபட்டிருப்பதால், மாரடைப்பே வந்தாலும் அவருக்கு நெஞ்சு வலிக்காமல் போகலாம். மூச்சிரைப்பு மட்டுமே அறிகுறியாக இருக்கக்கூடும். 'வலி இல்லையே' என்று அப்பச்சி சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள்.