பழைய வரி முறையா, புதிய வரி முறையா: 6.56 லட்சம் கழிவு 5.38 லட்சம் ஆன கதை

கேள்வி: சென்னையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஆண்டு மொத்தச் சம்பளம் 15 லட்சம். மாத பேசிக் 50,000, எச்.ஆர்.ஏ 25,000, வாடகை 22,000. எச்.ஆர்.ஏ 3 லட்சம், 80சி-யில் 1.5 லட்சம், மதுரையில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கான கடன் வட்டி 1.6 லட்சம், மெடிக்ளெய்ம் 46,000 என்று மொத்தம் 6.56 லட்சம் கழிவு வருகிறது. மெடிக்ளெய்மில் எங்களுக்கு 22,000, பெற்றோருக்கு 24,000. பெற்றோருக்குத் தம்பி கார்டில் கட்டினான், நான் அவனிடம் பணமாகக் கொடுத்துவிட்டேன். ஆபீஸில் பழைய முறை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'இப்ப எல்லாருக்குமே புதுசுதான் லாபம்' என்கிறார் நண்பர். 60,000 பிரீமியத்தில் ஒரு பாலிசி எடுத்தால் பழைய முறையில் இன்னும் மிச்சமாகும் என்கிறார் ஏஜென்ட். 2025-26-க்கு நான் எதைத் தேர்வு செய்வது? பே-ஸ்லிப், ரசீதுகளை இணைத்திருக்கிறேன்.

பதில்: நண்பர் சொல்வதும் முழுக்கச் சரியில்லை, ஏஜென்ட் சொல்வது சுத்தமாகச் சரியில்லை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் 6.56 லட்சத்தைத்தான்.

புதிய முறையில் உங்கள் வரி எவ்வளவு என்பதைக் கணக்கிட இரண்டு நிமிடம் போதும். 15 லட்சத்தில் நிலைக்கழிவு 75,000 போக 14.25 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5%, அதாவது 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10%, அது 40,000. மீதி 2.25 லட்சத்துக்கு 15% என்றால் 33,750. கூட்டினால் 93,750. அதன்மேல் 4% செஸ் சேர்த்து 97,500 ரூபாய். 12 லட்சம் வரை வரி இல்லை என்ற சலுகை உங்களுக்குக் கிடையாது, அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

பழைய முறையிலும் வரி இதே அளவுக்கு இறங்க வேண்டுமானால், 50,000 நிலைக்கழிவு தவிர உங்களுக்கு 5,43,750 ரூபாய் கழிவு இருக்க வேண்டும். 15 லட்சம் சம்பளத்துக்கு இதுதான் எல்லைக்கோடு. சம்பளம் மாறினால் கோடும் மாறும். நீங்கள் போட்ட 6.56 லட்சம் உண்மையானால் பழைய முறை சுமார் 23,000 ரூபாய் மிச்சப்படுத்தும். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். புரிகிறது.

இப்போது எச்.ஆர்.ஏ-வைப் பார்ப்போம். பே-ஸ்லிப்பில் வரும் 3 லட்சத்தை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். சம்பளக்காரர்களில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இது. மூன்று தொகைகளில் எது குறைவோ அதற்குத்தான் விலக்கு. கையில் வாங்கிய எச்.ஆர்.ஏ 3 லட்சம். பேசிக்கில் பாதி (சென்னை என்பதால் 50%, மதுரையில் இருந்திருந்தால் 40%), அதுவும் 3 லட்சம். மூன்றாவது, கட்டிய வாடகையில் பேசிக்கின் 10%-ஐக் கழித்தால் வருவது. நீங்கள் ஆண்டுக்குக் கட்டிய வாடகை 2,64,000. பேசிக் 6 லட்சத்தில் 10% என்றால் 60,000. மீதி 2,04,000. உங்களுக்கு விலக்கு இவ்வளவுதான். இந்த ஒரே இடத்தில் 96,000 ரூபாய் கழிவு காணாமல் போய்விட்டது.

அந்த 2,04,000-மும் வீட்டுக்காரரின் பான் எண் இருந்தால்தான் ஆபீஸில் ஏற்பார்கள், ஏனென்றால் வாடகை ஆண்டுக்கு 1 லட்சத்தைத் தாண்டுகிறது. 'பான் எல்லாம் கேக்காதீங்க' என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் சென்னையில் ஏராளம். உங்களுடையவர் அப்படிப்பட்டவராக இருந்து எச்.ஆர்.ஏ கைவிட்டுப் போனால், பழைய முறையில் புதியதைவிட 55,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தப் பான் எண்ணை உறுதி செய்துகொள்ளுங்கள். வாடகையை வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புகிறீர்கள் என்பது உங்கள் ஸ்டேட்மென்ட்டில் தெரிகிறது, அது நல்லது.

மதுரை வீட்டுக் கடன் வட்டியில் சிக்கல் இல்லை. வேலை நிமித்தம் நீங்கள் சென்னையில் வாடகைக்கு இருக்கிறீர்கள், வீட்டில் பெற்றோர் இருக்கிறார்கள், வாடகை வருமானம் இல்லை. எச்.ஆர்.ஏ-வையும் வட்டியையும் சேர்த்தே பெறலாம். வட்டிக்கு உச்சவரம்பு 2 லட்சம், உங்களுடையது 1.6 லட்சம். முழுவதும் கிடைக்கும். ஆனால் இது பழைய முறையில் மட்டும்தான். புதிய முறையில், நாமோ நம் வீட்டாரோ குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியைச் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது.

80சி-யில் ஒரு வேடிக்கை. பி.எஃப் பிடித்தம் மட்டுமே மாதம் 6,000 வீதம் 72,000. கடனில் அசல் 85,000 கட்டியிருக்கிறீர்கள். இரண்டையும் கூட்டினாலே 1,57,000 ஆகி 1.5 லட்சம் வரம்பு நிறைந்துவிட்டது. பிள்ளைகளின் டியூஷன் ஃபீஸ் ரசீதைத் தேடவே வேண்டாம். அப்படியிருக்க ஏஜென்ட் சொல்லும் 60,000 ரூபாய் பாலிசி எந்த வரியை மிச்சப்படுத்தும்? ஒரு ரூபாயைக்கூட மிச்சப்படுத்தாது. காப்பீடு தேவையென்றால் டேர்ம் பாலிசி எடுங்கள், அது வேறு பேச்சு. வரிக்காக என்று சொல்லி மார்ச்சில் வரும் பாலிசியை, முதலில் உங்கள் 80சி-யில் இடம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்காமல் தொடவே தொடாதீர்கள்.

மெடிக்ளெய்மில் உங்கள் குடும்பத்துக்கான 22,000 சரி. பெற்றோருக்கான 24,000 கிடையாது. பிரீமியத்தை நீங்கள் கட்டியிருக்க வேண்டும், ரொக்கம் அல்லாத வழியில் கட்டியிருக்க வேண்டும். பணம் போனது தம்பியின் கார்டிலிருந்து. நீங்கள் அவரிடம் கொடுத்த நோட்டுக்கு வருமான வரித்துறையின் கண்ணில் எந்தத் தடயமும் இல்லை. அவர் பழைய முறையில் இருந்தால் அவருக்கு அந்தக் கழிவு கிடைக்கும். அடுத்த முறை உங்கள் கணக்கிலிருந்தே கட்டிவிடுங்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது, தொழில் வரி 2,500. அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, மீதி எவ்வளவு? எச்.ஆர்.ஏ 2,04,000, 80சி 1,50,000, வட்டி 1,60,000, மெடிக்ளெய்ம் 22,000, தொழில் வரி 2,500. மொத்தம் 5,38,500. 50,000 நிலைக்கழிவையும் சேர்த்து எடுத்தால் வரி விதிக்கும் வருமானம் 9,11,500. பழைய விகிதத்தில் முதல் 5 லட்சத்துக்கு 12,500, மிச்சம் 4,11,500-க்கு 20% என்றால் 82,300. செஸ்ஸோடு 98,592 ரூபாய். புதிய முறையில் 97,500. வித்தியாசம் 1,092 ரூபாய், அதுவும் புதிய முறைக்குச் சாதகமாக.

இந்த ஆண்டு நான் புதிய முறையைத்தான் எடுப்பேன். ஆயிரம் ரூபாய் பெரிய காரணமில்லை. பழைய முறையில் வாடகை ரசீது, பான், பிரீமியம் ரசீது, வங்கியின் வட்டிச் சான்றிதழ் எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும். ரிட்டர்ன் படிவத்திலேயே இந்தக் கழிவுகளுக்கான விவரங்களைத் தனித்தனியாகக் கேட்கிறார்கள். ஒன்று ஏற்கப்படாவிட்டாலும் வித்தியாசம் உங்களுக்கு எதிராக இன்னும் பெரிதாகும். புதிய முறையில் நிரூபிக்க எதுவுமே இல்லை.

அடுத்த ஆண்டு தம்பிக்குப் பதில் நீங்களே பெற்றோரின் பிரீமியத்தைக் கட்டினால், மற்றவை அப்படியே இருந்தால், பழைய முறை 3,900 ரூபாய் முன்னால் வந்துவிடும். ஆனால் மற்றவை அப்படியே இருக்கப் போவதில்லை. கடன் வட்டி ஆண்டுக்கு ஆண்டு குறையும். சம்பளம் ஏறும்போது அந்தக் கூடுதல் தொகைக்குப் புதிய முறையில் உங்களுக்கு இப்போதைக்கு 15%, பழையதில் 20%. பேசிக் ஏறினால், அந்த ஏற்றத்தில் 10% அளவுக்காவது வாடகையும் ஏறாதவரை, எச்.ஆர்.ஏ விலக்கே குறையும், அந்த 10% கழிவு கூடுவதால். எல்லாமே புதிய முறைப் பக்கம்தான் சாய்கிறது.

புதிய முறையிலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நிறுவனம் உங்கள் என்.பி.எஸ் ஓய்வூதியக் கணக்கில் பேசிக்கில் 14% வரை, அதாவது 84,000 வரை செலுத்தினால் அதற்கு வரி இல்லை. உங்கள் நிலையில் இது 13,104 ரூபாய் மிச்சம். பழைய முறையில் தனியார் ஊழியர்களுக்கு 10% மட்டுமே. சம்பளக் கட்டமைப்பை மாற்ற எச்.ஆர் ஒப்புக்கொள்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் 60 வயது வரை கைக்கு வராது. வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது மாதம் 7,000 ரூபாய் குறைவாக வந்தால் சமாளிப்பீர்களா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். வரிக்காக மட்டும் இதை எடுக்க வேண்டாம்.

ஆபீஸில் பழைய முறை என்று கொடுத்துவிட்டேனே என்று கவலைப்பட வேண்டாம். அது டி.டி.எஸ் பிடிப்பதற்கு மட்டும். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் ரிட்டர்ன் போடும்போது ஒவ்வோர் ஆண்டும் மாற்றிக்கொள்ளலாம், தனிப் படிவம் தேவையில்லை. கூடுதலாகப் பிடித்திருந்தால் ரீஃபண்டாக வரும். திரையில் வரும் கேள்வியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். 'Opting out of new tax regime' என்று கேட்கும். அதற்கு Yes என்றால் பழைய முறை, No என்றால் புதிய முறை. 'புதியது வேண்டும்' என்று நினைத்து Yes போடுபவர்கள் உண்டு.

இன்னொன்று, ஒருவேளை பழைய முறைதான் என்று முடிவெடுத்தால் கெடு தேதிக்குள், வழக்கமாக ஜூலை 31-க்குள், ரிட்டர்னைப் போட்டாக வேண்டும். தாமதமாகப் போட்டால் பழைய முறையைத் தேர்வு செய்யும் வாய்ப்பே கிடையாது. ஃபார்ம் 16-ல் என்ன இருந்தாலும் புதிய முறையில்தான் வரி கணக்கிடுவார்கள்.