ஒன்பது வருட இடைவெளிக்குப் பிறகு பழைய முகாமையாளருக்கு எழுதுவது எப்படி?

"2011 தொடக்கம் 2016 வரை கிளிநொச்சியில ஒரு தொண்டு நிறுவனத்தில கணக்கு உதவியாளரா இருந்தனான். பிறகு பிள்ளைகள், மாமியின்ர வருத்தம் எண்டு ஒன்பது வருசம் வீட்டோட. அப்ப இருந்த முகாமையாளர் இப்ப வவுனியாவில வேற ஒரு இடத்தில. அவருக்கு எழுதலாமா? இந்த ஒன்பது வருசத்தை என்னெண்டு சொல்லுறது?"

எழுதுங்கள். இடைவெளியையும் சொல்லுங்கள், ஆனால் ஒரே ஒரு வசனத்தில். உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள், மாமியின் பொறுப்பும் இப்போது உங்களிடம் இல்லை என்று எடுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் முதலில் அந்த ஒழுங்கைச் செய்துவிட்டு எழுதுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இப்படியான கடிதங்கள் பெரும்பாலும் இந்த மாதிரித்தான் தொடங்கும்:

> மதிப்பிற்குரிய ஐயா, நீங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். என்னை ஞாபகம் இருக்குமோ தெரியாது. திருமணத்திற்குப் பிறகு பல குடும்பச் சூழ்நிலைகளால் வேலையைத் தொடர முடியாமல் போய்விட்டது. மாமிக்குப் பாரிசவாதம் வந்து படுக்கையில் இருந்ததால் மிகவும் கஷ்டப்பட்டோம். நீண்ட காலம் வீட்டில் இருந்தாலும் கற்றுக்கொள்ள ஆர்வமாக உள்ளேன். எந்த வேலையாக இருந்தாலும் பரவாயில்லை, உதவி செய்யவும்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வாசிக்கிறவர் கையில் பிடிக்க ஒன்றும் இல்லை. எந்த அலுவலகம், எந்த வருடம், என்ன வேலை என்பது எங்கேயும் வரவில்லை. "எந்த வேலையாக இருந்தாலும்" என்றால் உங்களை எந்த வெற்றிடத்துக்குச் சொல்வது என்று அவருக்குத் தெரியாது. நோயின் விபரத்தை வாசித்தவர் அனுதாபப்படுவார், என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிடுவார். பதில் வராமல் போவதற்கு அநேகமாக இதுதான் காரணம், வெறுப்பு அல்ல.

அலுவலகத்தில் அவரை "அண்ணா" என்று கூப்பிட்டிருந்தால் "வணக்கம் அண்ணா" என்றே தொடங்குங்கள். "சேர்" என்றிருந்தால் "சேர்". திடீரென்று "மதிப்பிற்குரிய ஐயா" என்றால் யாரோ முன்பின் தெரியாதவர் அனுப்பிய விண்ணப்பம் என்றுதான் நினைப்பார். மின்னஞ்சலின் தலைப்பில் உங்கள் பெயரும் பழைய இடமும் இருக்கட்டும்: "கிளிநொச்சி அலுவலகக் கணக்குப் பிரிவு 2011–2016" என்று கண்டாலே ஆளைப் பிடித்துவிடுவார். கைத்தொலைபேசித் திரையில் திறக்காமலே தெரிவது தலைப்பும் முதல் வரியும்தான்.

முதல் வசனம் நீங்கள் அவரோடு செய்த வேலை. அடுத்தது இடைவெளி. அதற்கடுத்தது இப்போது செய்யக்கூடியது. இந்த ஒழுங்கை மாற்றவேண்டாம். இடைவெளியை முதலில் வைத்தால் மிச்சம் எல்லாம் அதற்கான சமாதானம் போலத் தெரியும். கடைசியில் வைத்தால் ஒளித்து வைத்தது போல் இருக்கும்.

அந்த ஒரு வசனம் இப்படி இருக்கலாம்:

> 2016 மார்ச் முதல் பிள்ளைகளையும் மாமியையும் பராமரிப்பதற்காக வேலையிலிருந்து விலகியிருந்தேன்; அந்தப் பொறுப்புகள் இப்போது ஒழுங்காகிவிட்டதால் முழுநேர வேலைக்குத் திரும்புகிறேன்.

இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மாதமும் வருடமும் இருப்பதால் அவர் விரல்விட்டு எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. காரணம் ஒரு சொல்லில் முடிகிறது, அதற்கு மேல் கேள்வி எழாது. மூன்றாவதுதான் முக்கியம்: அது முடிந்துவிட்டது என்பது. வேலைக்கு ஆள் எடுக்கிறவர் பயப்படுவது உங்கள் ஒன்பது வருடத்துக்கு அல்ல, ஆறு மாதத்தில் திரும்பவும் நிற்பீர்களோ என்பதற்குத்தான். அதனால்தான் ஒழுங்கைச் செய்துவிட்டு எழுதுங்கள் என்றேன். "திரும்புகிறேன்" என்று எழுதுங்கள், "திரும்ப விரும்புகிறேன்" என்று அல்ல. "மன்னிக்கவும்", "துரதிர்ஷ்டவசமாக", "வீட்டிலதான் இருந்தனான்" என்பதெல்லாம் வேண்டாம்.

வன்னியில் பலருக்கு இதைவிடப் பழைய இடைவெளி ஒன்றும் இருக்கும், 2008, 2009, 2010. அதற்கு "இடம்பெயர்வும் மீள்குடியேற்றமும்" என்ற இரண்டு சொல் போதும். இங்கே இருந்தவருக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை, கொழும்பில் இருந்து வாசிப்பவருக்கும் அது போதும். பட்டதை மறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். வேலை கேட்கும் ஐந்து வரிக்குள் அதைத் திணித்தால் அதற்கும் மரியாதை இல்லை, உங்களுக்கும் இல்லை.

இப்போது செய்யக்கூடியது என்ற வசனத்துக்குத்தான் உண்மையில் நேரம் செலவழிக்கவேண்டும். "கற்றுக்கொள்ள ஆர்வம்" என்பது ஒன்பது வருடமாக ஒன்றும் தெரியாது என்று தானே ஒப்புக்கொள்வது. கணக்கு வேலையில் உங்கள் காலத்துக்குப் பிறகு என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று முதலில் பாருங்கள். ஈ.பி.எஃப் ஊழியர் பங்கு 8 வீதம், நிறுவனப் பங்கு 12, ஈ.ரி.எஃப் 3, இவை அப்படியே இருக்கின்றன. சம்பளத்தில் கழிக்கும் வருமான வரியில், நீங்கள் பழகிய பே வரிக்குப் பதிலாக இப்போது ஏபிஐரி. 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 150,000 ரூபாவுக்கு மேற்பட்ட சம்பளத்துக்குத்தான் அது வரும். பெறுமதிசேர் வரி 2019 கடைசியில் 8 வீதத்துக்கு இறங்கி, 2022 இல் இரண்டு தடவை ஏறி, 2024 ஜனவரியில் இருந்து 18 வீதமாக நிற்கிறது.

இதைத் தெரிந்தால் மட்டும் போதாது, செய்து பாருங்கள். எக்செலில் பத்துக் கற்பனை ஊழியர்களுக்கு ஒரு மாதச் சம்பளப் பட்டியல் போடுங்கள். சம்பளம் 60,000 என்றால் ஊழியரிடம் கழிப்பது 4,800, கைக்குப் போவது 55,200. நிறுவனம் தன் பங்காக 7,200 போடும், ஆகவே ஈ.பி.எஃப்புக்குக் கட்டுவது 12,000. ஈ.ரி.எஃப் 1,800 அதற்கு வெளியே. நிறுவனத்துக்கு அந்த ஊழியரால் வரும் செலவு 69,000. ஒருவரையாவது 150,000க்கு மேல் வையுங்கள், அப்போதுதான் ஏபிஐரி நிரலும் பழகும். நிறுவனப் பங்கையும் ஊழியரின் சம்பளத்தில் கழித்துவிடுவது நீண்ட நாள் விட்டவர்களுக்கு வரும் பிழை. பட்டியலில் கைக்குப் போகும் தொகை 60,000க்கு 48,000 என்று நின்றால் அந்தப் பிழை விட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம். இன்னொரு தாளில் ஒரு மாத வங்கிக் கணக்கிணக்கக் கூற்று. இவ்வளவும் செய்தால் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு உண்மையான வசனம் கையில் இருக்கும்.

இடைப்பட்ட காலத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ கோயிலிலோ பொருளாளராக இருந்து காசேடு எழுதியிருந்தால் அதையும் சொல்லுங்கள், எத்தனை வருடம், என்ன புத்தகம் என்று. அது கணக்கு வேலைதான். ஆனால் குடும்பப் பராமரிப்புக்கு "வீட்டு முகாமைத்துவம்" என்று பதவிப் பெயர் வைக்கவேண்டாம். அதைச் சொன்னால் மற்ற நேர்மையான வரிகளிலும் சந்தேகம் வரும்.

முழுக்கச் சேர்த்தால் இப்படி வரும்:

> வணக்கம் அண்ணா. 2011–2016 கிளிநொச்சி அலுவலகத்தில் உங்கள் பிரிவில் கணக்கு உதவியாளராக இருந்தேன்; சில்லறைக் காசேடும் மாதச் சம்பளப் பட்டியலும் என் பொறுப்பில் இருந்தன. 2016 மார்ச் முதல் பிள்ளைகளையும் மாமியையும் பராமரிப்பதற்காக வேலையிலிருந்து விலகியிருந்தேன்; அந்தப் பொறுப்புகள் இப்போது ஒழுங்காகிவிட்டதால் முழுநேர வேலைக்குத் திரும்புகிறேன். இன்றைய ஈ.பி.எஃப், ஏபிஐரி ஒழுங்கில் சம்பளப் பட்டியலும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றும் எக்செலில் தயாரிப்பேன். கிளிநொச்சி, வவுனியா இரண்டு இடத்திலும் வேலை செய்யலாம். உங்கள் பக்கத்தில் கணக்குப் பிரிவுக்கு எந்த மென்பொருள் பாவிக்கிறார்கள், வெற்றிடம் வந்தால் யாருக்கு விண்ணப்பிப்பது என்று சொல்லமுடியுமா? பத்து நிமிடம் தொலைபேசியில் பேசினாலும் போதும்.

வேலை தாருங்கள் என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அது அவர் கையில் இல்லாமல் இருக்கலாம், இல்லையென்று சொல்லச் சங்கடப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். மென்பொருள் பெயரும் ஒரு ஆளின் பெயரும் அவர் ஒரு வரியில் சொல்லக்கூடியவை. அந்த அலுவலகத்தில் எழுத்து வேலை ஆங்கிலத்தில் என்றால் இதே வசனங்களை இதே ஒழுங்கில் ஆங்கிலத்தில் எழுதுங்கள், நீட்டவேண்டாம்.

இணைப்பது சுயவிபரக்கோவை ஒன்று மட்டும், இரண்டு பக்கம், பி.டி.எஃப். சான்றிதழ்களைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் பன்னிரண்டாக அனுப்பவேண்டாம். கோவையிலும் "2016 மார்ச் – 2025: குடும்பப் பராமரிப்பு" என்று ஒரே வரி. திகதிகள் உங்கள் சேவைச் சான்றிதழோடு மாதம் உட்படப் பொருந்தவேண்டும். கடிதத்தில் மார்ச், சான்றிதழில் 2015 டிசம்பர் என்றிருந்தால் இல்லாத ஒளிப்பு ஒன்று இருப்பதாகிவிடும். பழைய நிறுவனம் வன்னியை விட்டுப் போய்ச் சான்றிதழ் எடுக்க வழியில்லையென்றால் ஈ.பி.எஃப் கணக்குக் கூற்றை எடுத்து வையுங்கள். எந்தக் காலத்துக்குப் பணம் கட்டப்பட்டது என்பதற்கு அது சாட்சி.

அனுப்பும் நாளும் முக்கியம். மாதக் கடைசி வாரத்திலும் அடுத்த முதல் வாரத்திலும் கணக்குப் பிரிவில் யாருக்கும் தலை நிமிர நேரமில்லை. பத்தாம் திகதிக்கும் இருபதாம் திகதிக்கும் இடையில் ஒரு வேலை நாள் காலையில் அனுப்புங்கள்.

எங்கள் பக்கத்தில் பதில் எழுதாமல் நேரே தொலைபேசி எடுப்பதும் நடக்கும். "இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டால் எழுதிய அதே வசனத்தைச் சொல்லி, நிறுத்தாமல் "இப்ப சம்பளப் பட்டியல் செய்து பழகி வைச்சிருக்கிறன் அண்ணா" என்று வேலைப் பக்கம் போய்விடுங்கள். "பிள்ளைகளை ஆர் பாக்கிறது?" என்றும் கேட்பார்கள். இந்தக் கேள்வியை ஒரு ஆண் விண்ணப்பதாரியிடம் யாரும் கேட்பதில்லை. விளம்பரத்திலேயே 35 வயதுக்கு உட்பட்டவர் என்று போட்டு, பிள்ளை வளர்த்துவிட்டு வருகிற பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும் இடங்களும் இருக்கின்றன. எனக்கு இது பெரிய கோபம். இருந்தாலும் தொலைபேசியில் அந்த நேரம் "அதுக்கு ஒழுங்கு செய்திட்டன்" என்று மட்டும் சொல்லுங்கள். யார், எந்த நேரம் என்ற விபரத்துக்குப் போனால் பேச்சு முழுக்க அதிலேயே முடியும்.

பத்து நாளாகியும் ஒன்றும் வராவிட்டால் ஒரு தடவை மட்டும் நினைவூட்டுங்கள், முதல் மின்னஞ்சலுக்குக் கீழேயே:

> அண்ணா, சென்ற வாரம் அனுப்பியது கண்ணில் பட்டிருக்காதோ என்று மேலே கொண்டுவருகிறேன். விண்ணப்பம் யாருக்கு அனுப்புவது என்று ஒரு பெயர் மட்டும் சொன்னால் போதும்.

அதற்கும் பதில் இல்லையென்றால் அவரை விட்டுவிட்டு, அந்த அலுவலகத்தில் உங்களோடு இருந்த அடுத்த ஆளுக்கு முதல் வசனத்தை மட்டும் மாற்றி அனுப்புங்கள். அவரோடு செய்த வேலை எதுவோ அது அந்த வசனத்தில் வரட்டும்.